கூண்டுக்கு வைத்த பொட்டு

எழுபதுகளில் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு தகரப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். அதற்கு முன்னால் ஒரு கம்பிக் கூண்டு உண்டு. அதன் இடுக்கில் தகடு நுழையும், விரல் நுழையாது. தகடு சிக்கினால் நாலு போல்ட்டைக் கழற்ற வேண்டும், நேரமாகிறது என்று சூப்பர்வைசர் எல்லா பிரஸ்ஸிலும் கூண்டைக் கழற்றி ஸ்டோர் பின்பக்கம் போட்டுவிட்டார்.

பக்கத்து மெஷின்காரர் ஒருநாள் வாயைத் திறந்தார்.

“சார், கூண்டு இல்லாம பயமா கீது.”

“பயமா இருந்தா ஊட்லயே இருந்துக்கோ.”

மறுநாள் காலை கேட்டிலேயே அவரை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் அவருடைய மெஷினில் உட்கார்ந்தவருக்கு ஆள்காட்டி விரல் பாதி போனது. அதற்கும் அவருடைய கவனக்குறைவே காரணம் என்று எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கினார்கள். பாவம், இடது கையால் போட்டார்.

நான் மகா தைரியசாலி. மணவாள நகரிலிருந்து சைக்கிளில் வரும்போது வழியெல்லாம் சூப்பர்வைசரை அதட்டுவேன். கேட்டுக்குள் நுழைந்ததும் “வணக்கம் சார்”.

ஆயுத பூஜை வந்தது. முதலாளி குடும்பத்தோடு வருவார். மெஷினெல்லாம் துடைத்து, எல்லாருமாகச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தோம். சூப்பர்வைசர் வாழைமரம் கட்டுவதை மேற்பார்வையிடப் போன நேரத்தில், ஸ்டோர் பின்னாலிருந்து ஒரு கூண்டைத் தூக்கி வந்து, துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு, என் பிரஸ் பக்கத்தில் வைத்தேன். பிரஸ்ஸில் காலியாக இருந்த நாலு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் பொட்டு வைத்தேன். அவசரத்தில் ஒன்று கோணலாகிவிட்டது.

பாதி விரல்காரர் பார்த்துவிட்டார். “இன்னா வேலை பண்ற நைனா?”

“சாமி காரியம்.”

அவர் தன் பங்குக்குக் கூண்டின் மேல் ஒரு பூ வைத்தார்.

கற்பூரத் தட்டு வந்தது. முதலாளி மனைவி நின்றார். “இந்தக் கூண்டு எதுக்குங்க?”

“பழைய சாமான்மா,” என்றார் சூப்பர்வைசர்.

முதலாளி குனிந்து அதன் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார். நுழையவில்லை. நிமிர்ந்தவர் பிரஸ்ஸில் காலி ஓட்டைகளைச் சுற்றியிருந்த நாலு பொட்டையும் பார்த்தார். மனைவியும் உறவுக்காரர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“மெஷின் ஓடறதுக்கு முன்னாடி இது அங்க இருக்கணும். எல்லா பிரஸ்ஸுக்கும்.”

கார் கிளம்பியதும் சூப்பர்வைசர் கத்தினார். “எவன்டா அந்தக் கூண்டுல சந்தனம் வெச்சது? கையக் காட்டுங்கடா!”

எல்லாரும் நீட்டினோம். அத்தனை கையும் சந்தனம், குங்குமம். வரிசையாகப் பார்த்து வந்தவர், அந்தப் பாதி விரலுக்கு நேராக நின்றார். அப்புறம் சுண்டலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுபடி வேலை தொடங்கிய அன்று முதல் தகடே சிக்கிக்கொண்டது. “எந்த பேஜார் புடிச்சவன்டா இந்தக் கூண்டைக் கேட்டான்” என்று திட்டிக்கொண்டே நாலு போல்ட்டையும் கழற்றினேன், பத்து விரலாலும்.