ஒரு டோக்கனுக்கு ஒரு ஆள்

நான் தனியாக வடிவமைத்த முதல் இயந்திரம், திருவனந்தபுரத்தில் ஒரு பூங்கா வாசலில் வைத்த சுழல் கேட். டோக்கன் போட்டால் கம்பி சுழன்று ஓர் ஆளுக்கு வழிவிடும். பூங்கா மேலாளர் திருப்தியாகிக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வேலையையும் என்னை நம்பித் தருவார்கள்.

மேலாளர் உள்ளூர்க் கரமனை அக்ரகாரத்துக்காரர், மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். ஒரு தாளில் இரண்டு வட்டம் போட்டேன். ஒன்று பூட்டிய நிலை, இன்னொன்று திறந்த நிலை. பூட்டியிருக்கும்போது தள்ளினால் பூட்டியேதான் இருக்கும். டோக்கன் விழுந்தால் திறக்கும். திறந்திருக்கும்போது ஓர் ஆள் போனால் மறுபடி பூட்டிக்கொள்ளும். எந்த நிலையில் இருக்கிறோம் என்பதைத் தவிர அதற்கு வேறு எதுவும் ஞாபகம் இருக்காது என்றேன்.

"அப்போ என்னை மாதிரின்னு சொல்லுங்கோ" என்றார்.

முதலில் வந்தது ஒரு புதுமணத் தம்பதி. மாப்பிள்ளை கெத்தாக இரண்டு டோக்கனையும் அடுத்தடுத்துப் போட்டுவிட்டு, ஒதுங்கி நின்று மனைவிக்கு வழிவிட்டார். அவள் உள்ளே போனாள். கேட் பூட்டிக்கொண்டது. அவர் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. உள்ளே நின்றவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காவலாளி அவரைப் பக்கவாசல் வழியாக விட்டார்.

"மிஷின் கேடு, அல்லே?" என்றார் மேலாளர், பழுதுதானே என்ற பொருளில்.

இயந்திரம் நான் வரைந்தபடிதான் நடந்தது. திறந்த நிலையில் இன்னொரு டோக்கன் விழுந்தால் திறந்தேதான் இருக்கும். அதை விழுங்கிவிட்டுச் சும்மா நிற்கும். எண்ணத் தெரியாது. இரண்டை நினைவில் வைக்க மூன்றாவது வட்டம் வேண்டும், மூன்றுக்கு நான்காவது. நம் ஊரிலோ ஒருவரே மொத்தக் குடும்பத்துக்கும் டோக்கன் போடுவார், அந்தக் குடும்பம் வேனில் வந்து இறங்கும். வட்டம் போட்டு மாளாது. இதை யோசிக்காமல் விட்டேனே என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது.

டோக்கன் துளைக்கு மோட்டாரில் இயங்கும் ஒரு மூடி இருந்தது, இரவில் மட்டும் அடைப்பதற்கு. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு நிரலை மாற்றினேன். திறந்த நிலைக்குப் போனதும் துளையை மூடு, பூட்டியதும் துளையைத் திற. வட்டம் அதே இரண்டுதான்.

மேலாளர் ஆளுக்கொரு டோக்கன் எடுத்து, ஒன்றை என்னிடம் தந்தார். தன்னுடையதைப் போட்டார். துளை மூடிக்கொண்டதைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு ஒதுங்கி நின்று கையைக் காட்டினார். "போங்கோ, லேடீஸ் மொதல்ல."

மரியாதைக்கு யோசிக்காமல் உள்ளே போய்விட்டேன். பின்னால் கேட் பூட்டிக்கொண்டது. மேலாளர் வெளியே. வேலை போச்சு என்றே நினைத்தேன்.

அவர் கம்பியைத் தள்ளிப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"அந்த டோக்கனை இங்கே தாங்கோ."

கம்பிக்கு மேலாக நீட்டினேன். போட்டுவிட்டு உள்ளே வந்தார், பேனாவை எடுத்தார்.

"மரியாதை எல்லாம் உள்ளே வந்தப்புறம்னு ஒரு போர்டு வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.