கரையாய் என்ற ஒரு சொல்

கல்யாணமாகி நான் ராமநாதபுரத்துக்கு வந்தபோது எனக்கும் என் கணவருக்கும் பேசிக்கொள்ள விஷயமே இல்லை. அவர் உயர்நிலைப்பள்ளியில் தமிழாசிரியர். நான் மதுரையில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வந்தவள். அவருக்கு ஆங்கிலம் என்றால் கூச்சம். எனக்குத் தமிழ் இலக்கணம் என்றால் பயம். சாப்பாடு ஆச்சா, தண்ணீர் வந்ததா என்று கேட்டுக்கொள்வதோடு மூன்று மாதம் போயிற்று.

அப்போது சென்னையிலிருந்து ஓர் ஆங்கில அம்மையார் அவருக்குக் கடிதம் எழுதினார். தமிழ் பக்திப் பாடல்களை ஆங்கில வாசகர்களுக்காகத் தொகுத்துக்கொண்டிருந்தார். ஏடுகளில் வராத, ஊர்களில் மட்டும் பாடப்படுகிற பாடல் ஒன்று வேண்டும்; மொழிபெயர்ப்போடு, எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல்லை ஏன் எடுத்தீர்கள் என்ற விளக்கமும் வேண்டும் என்று கேட்டிருந்தார். மாசிமாதம் ராமேஸ்வரம் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து நேரில் பார்ப்பாராம். அறுபதுகளின் தொடக்கம் அது. ஓர் ஆங்கிலப் பெண் தன் வீட்டுக்கு வரப்போகிறாள் என்பதை நினைத்து என் கணவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

நயினார்கோவில் பக்கம் அவருடைய ஊர். அங்கே அவர் வீட்டில் விளக்கு வைக்கும்போது பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. யார் பாடியது என்று யாருக்கும் தெரியாது. அதைத்தான் எடுத்தார்.

உப்பாய் மணல்மேல் உலர்ந்து கிடந்தேனைத்
தப்பாது வந்து தழுவுந் திரையானாய்
ஒப்பார் இலாதாய் உனையன்றி யாருள்ளார்
அப்பா கரையாய் அலைவேற் கருளாயே

படித்ததும் எளிதாகத்தான் இருந்தது. மணலில் உப்பாகக் காய்ந்து கிடந்த என்னை வந்து தழுவும் அலையானவனே, ஒப்பில்லாதவனே, உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? அப்பா, அலைகிற எனக்குக் கரையாக இருந்து அருள்வாய். அரை மணியில் ஆங்கிலத்தில் எழுதி நீட்டினேன். அவர் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

'கரையாய்' என்பதைக் 'கரை ஆய்' என்று மட்டும் ஏன் பிரித்தாய் என்றார். பிரிக்காமலே படித்தால் அது வினை. 'கரையாய்' என்றால் நீ கரையமாட்டாய் என்று பொருள். 'உண்ணாய்' என்றால் நீ உண்ணமாட்டாய் என்பது போல. அப்படியானால் அந்த வரி வேண்டுதல் இல்லை, குற்றச்சாட்டு. அப்பா, நீ இளகவே மாட்டேன் என்கிறாய். தவிக்கிற எனக்கு அருளவே மாட்டேன் என்கிறாய். 'அருளாயே' என்பதும் அதே அச்சில் வார்த்த சொல்தான்.

நான் விடவில்லை. சாமியிடம் விளக்கு வைத்துப் பாடுகிற பாட்டில் யாராவது திட்டுவார்களா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு இன்னொரு குண்டைப் போட்டார். பழைய தமிழில் 'கேளாய்' என்றால் நீ கேட்கமாட்டாய் என்றும் பொருள், கேட்பாயாக என்றும் பொருள். 'கேளாய் தோழி' என்று பாட்டில் வந்தால், தோழி கேட்கவில்லை என்றா அர்த்தம்? கேள் என்றுதானே அர்த்தம்? அதே போல 'கரையாய்' என்றால் கரைவாயாக என்றும் ஆகும். ஒரே எழுத்து, ஒரே ஒலி. கரையாக இரு, கரையமாட்டாய், கரைந்துவிடு. மூன்றும் உள்ளே இருக்கின்றன.

படிப்பு முடிந்த பிறகு அப்படியொரு பரபரப்பை நான் உணர்ந்ததில்லை. உலையில் அரிசி போட்டதை மறந்துவிட்டேன். சோறு குழைந்தது. இருவரும் குழைந்த சோற்றை உருட்டிக்கொண்டே பேசினோம்.

அதன் பிறகு அவர் பள்ளி விட்டு வந்ததும் பாட்டுதான். 'நீ' என்பதற்குப் பழைய ஆங்கிலத்து 'தௌ' போடலாம் என்றார் அவர். பாதிரியார்கள் ஜெபத்தில் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஒரு காலத்தில் அது நெருங்கியவர்களைக் கூப்பிடும் சொல்தான், ஆனால் இன்றைய வாசகருக்கு அது தூரத்தில் நிற்கிற சொல் என்றேன். மகன் அப்பனிடம் பேசுகிற 'நீ' அதில் வராது. 'யூ' என்றே போட்டோம். 'அப்பா' என்பதை 'ஃபாதர்' என்று எழுதினால் மாதாகோயில் சாமியார் வந்து நிற்கிறார். அதனால் 'அப்பா' என்றே விட்டுவிட்டு, குழந்தை கூப்பிடுவதும் களைத்தவன் பெருமூச்சு விடுவதும் இந்த ஒரே சொல்தான் என்று விளக்கத்தில் எழுதினேன். 'திரை' என்றால் திரைச்சீலையும் ஆகுமே, கடவுள் மறைந்திருக்கிறார் என்று ஒரு குறிப்பு எழுதட்டுமா என்று ஆர்வமாகக் கேட்டேன். சீலை தானே வந்து தழுவாது, அகராதியில் இருப்பதெல்லாம் பாட்டில் இருக்காது என்று அவர் அடித்துவிட்டார். அவர் சொன்னது சரி.

'கரை' என்பதற்குத்தான் முட்டிக்கொண்டோம். இளகு என்ற பொருளுக்கு நான் 'மெல்ட்' என்று எழுதியிருந்தேன். கல்நெஞ்சம் மெல்ட் ஆகும் என்பது ஆங்கிலத்தில் இயல்பான பேச்சு. எதெல்லாம் மெல்ட் ஆகும் என்று அவர் கேட்டார். வெண்ணெய், மெழுகு, பனிக்கட்டி என்றேன். உப்பு? உப்பு ஆகாது, உப்பு 'டிஸால்வ்' ஆகும் என்றேன்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். தமிழிலும் அப்படித்தான். மெழுகு உருகும், உப்புதான் கரையும். பாடியவர் 'உருகாய்' என்று எழுதியிருக்கலாம், எழுதவில்லை. முதல் வரியில் தன்னை உப்பு என்று சொன்னவர், கடைசி வரியில் உப்பு செய்கிற வேலையைக் கடவுளிடம் கேட்கிறார்.

"கரைய வேண்டியது பாடுறவன்தானே? ஆனா அவன் சாமியப் பாத்து நீ கரைங்குறான். என்ன தைரியம் பாரு" என்றார்.

'மெல்ட்' போயிற்று. 'டிஸால்வ்' கொஞ்சம் ஆய்வுக்கூடத்து வாசனை அடிக்கிற சொல். மனசுக்கு ஆகாத சொல்தான். இருந்தாலும் உப்பைக் கைவிட முடியாது என்று எழுதி, அந்தக் குறையையும் விளக்கத்திலேயே ஒப்புக்கொண்டோம்.

ஆனால் மூன்று பொருளில் எதை வரியில் வைப்பது? வேண்டுதலாக எழுதினால் கோபம் போய்விடுகிறது. கோபமாக எழுதினால் வேண்டுதல் போய்விடுகிறது. பக்கத்துப்பக்கத்தில் இரண்டு வரிகளையும் அச்சிட்டால் அது பாட்டாக இல்லை, பரீட்சை விடைத்தாள் போல இருக்கிறது. அம்மையார் வரும் நாளும் வந்துவிட்டது. கடைசி வரி மட்டும் காலியாக இருந்தது.

அவர் உயரமான, வெயிலில் சிவந்த பெண்மணி. எங்கள் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டார். தன்னுடைய வாசகர்கள் இந்தக் கடற்கரையைப் பார்த்ததே இல்லை, அவர்களுக்குச் சொல்லின் வேர் தேவையில்லை, இந்தச் சொல்லை விட்டால் எதை இழப்பார்கள் என்பதுதான் தேவை என்றார். நான் எங்கள் வரிகளை வாசித்தேன். கடைசி வரி இன்னும் வரவில்லை என்றும் சொன்னேன். பரவாயில்லை என்று தலையசைத்தார். இலையில் சோறு தீர்ந்திருந்தது. நான் சட்டியை எடுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளமாட்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "வில் யூ நாட்" என்று ஆரம்பித்து.

அம்மையார் போதும் என்று கை காட்டினார். என்ன கேட்டாய் என்று கணவர் கேட்டார். சொன்னேன்.

"மாட்டீங்களான்னா கேட்ட? அப்ப அது கேக்குறதா, குறை சொல்றதா?"

நான் சட்டியோடு அப்படியே நின்றேன். இரண்டும்தான். 'வில் யூ நாட்' என்று விருந்தாளியிடம் கேட்டால் உபசாரம். பல நாள் கேட்டும் கொடுக்காதவரிடம் கேட்டால் அதுவே புகார். ஆங்கிலத்திலும் ஒரே எழுத்து, ஒரே ஒலி, குரலில்தான் வித்தியாசம். சட்டியைக் கீழே வைத்துவிட்டு அம்மையாரிடம் வேகவேகமாகச் சொன்னேன். கையெல்லாம் குழம்பு. அவருக்குப் புரிந்ததும் சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். ரவிக்கையில் கறை பட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த ஒரு மணி நேரம் மூன்று பேரும் அந்த வரிக்காகச் சண்டை போட்டோம். 'கரை'க்கும் 'கரைதலு'க்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் கிடையாது, அதனால் ஒரு சொல்லை இரண்டாக்கித்தான் ஆகவேண்டும். எது முதலில்? கரையைக் குறிக்கிற 'ஷோர்' முதலில் வரட்டும் என்றார் அம்மையார். உருவகம் தெளிவாக நிற்குமாம். என் கணவர் ஒப்பவில்லை. அலைகிறவன் கடைசியில்தான் கரை ஏறுவான் என்றார். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மையார் உடனே ஒத்துக்கொண்டார். அவரே 'பீச்' வேண்டாம், அது குளிக்கப் போகிற இடம். 'கோஸ்ட்' வேண்டாம், அது வரைபடத்தில் இருப்பது. படகுக்காரன் தேடுகிறது 'ஷோர்'தான் என்றார்.

'அப்பா, வில் யூ நாட் டிஸால்வ், வில் யூ நாட் பி ஷோர், வில் யூ நாட் கிவ் க்ரேஸ் டு மீ, டாஸ்ட் அண்ட் டாஸ்ட்' என்று எழுதினேன். 'அலைவேற்கு' என்பதில் அலை என்ற சொல்லும் அலைதல் என்ற வினையும் சேர்ந்திருப்பதால், அலைக்கழிக்கப்பட்டவன் என்று பொருள்படும் 'டாஸ்ட்' என்பதை இரண்டு முறை போட்டோம். என் கணவர் வரியை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். முதலில் கெஞ்சலாக. பிறகு, எனக்கு ஆச்சரியமாக, கோபமாக. ஆங்கிலத்தில் அவர் ஒரு முழு வாக்கியம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அம்மையாருடன் ரயிலில் ராமேஸ்வரம் போனோம். பாம்பன் பாலத்தில் வண்டி மெதுவாக ஊர்ந்தபோது இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்து அவர் ஒரு ஜன்னலிலிருந்து மறு ஜன்னலுக்கு மாறி மாறிப் போனார். கோயிலுக்கு முன்னால் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. அலை என்று சொல்வதற்கே இல்லை. காலைத் தொட்டுவிட்டுப் போயிற்று. 'தழுவும்' என்பதற்கு நான் போட்டிருந்த சொல் இறுகக் கட்டிப்பிடிப்பது போல் இருக்கிறது, அதை மட்டும் கொஞ்சம் தளர்த்தலாம் என்றார் அம்மையார். அங்கேயே பென்சிலால் மாற்றினோம்.

புத்தகம் அடுத்த ஆண்டு வந்தது. எங்கள் விளக்கத்தில் கால்வாசியைக் குறைத்திருந்தார்கள். 'கரையாய்' பற்றிய பத்தி முழுதும் இருந்தது. எங்கள் இருவர் பெயர்களும் சேர்ந்து அச்சாகியிருந்தன. என் கணவர் அதை உச்சிப்புளியில் இருக்கிற நண்பர் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமனார் மாமியாரை உட்காரவைத்து, அவர் தமிழிலேயே எல்லாவற்றையும் விளக்கினார். ஒரே சொல்லில் கெஞ்சலும் ஏச்சும் எப்படி இருக்கின்றன, எதை விட முடியாமல் நாங்கள் எப்படித் திண்டாடினோம் என்று. மாமனார் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"இதுல என்னப்பா திண்டாட்டம்? நான் சாமிய வஞ்சுதான பாடுறேன், இத்தன வருசமா. மழ இல்லாத வருசம் இன்னும் சத்தமா பாடுவேன்."

மாமியார் முறத்தை வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"வஞ்சா பாடுனீக? நான் வரம் கேட்டுல்ல பாடிக்கிட்டு இருந்தேன் பக்கத்துல நின்னு."

என் கணவர் என்னைப் பார்த்தார். இருவரும் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் கொல்லைப்பக்கம் ஓடினோம்.