சரியாக வந்த பிழையான விடை

போர்க்காலத்துக் கொழும்பில் எங்கள் இருவருக்கும் திறந்திருந்தது ஒரே ஒரு கதவு. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலில் ஆய்வு செய்வதற்கு முழுச் செலவும் கொடுக்கும் ஓர் இடம். விண்ணப்பித்தவர்களில் நானும் என் தோழியும் கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டோம். இனிப் பேராசிரியர் தொலைபேசியில் பேசுவார், கேள்வி கேட்பார், ஒருவரைத் தெரிவு செய்வார்.

அவள் கொட்டாஞ்சேனைக்காரி. அப்பாவுக்குத் துறைமுகத்தில் எழுதுவினைஞர் வேலை. வீட்டில் அவளும் அண்ணனும். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். "ஓமோம், வந்தனான், போனனான்" என்று என்னைப்போலப் பேசிக்காட்டிச் சிரிப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு. எனக்குக் கோபம் வரும். ஆனால் வகுப்பில் அவளைவிடக் கெட்டிக்காரர் யாரும் இல்லை என்பதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. கெட்டித்தனம்கூட இரண்டாம்பட்சம். பிழையான வழியில் வந்த சரியான விடைக்கு விரிவுரையாளர் புள்ளி போட்டுவிட்டால், போய்ச் சொல்லி வெட்டுவித்துக்கொண்டு வரும் பிறவி அவள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவளுடைய வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை.

இருவர் வீட்டிலும் நம்பத்தக்க தொலைபேசி இல்லாததால், காலி வீதியில் இருந்த ஒரு கொமினிகேசனின், அதாவது காசுக்குப் பேசும் தொலைபேசிக் கடையின், இலக்கத்தைத்தான் பேராசிரியருக்குக் கொடுத்திருந்தோம். அந்த நாளில் வெள்ளவத்தையில் இரண்டு கடைக்கு ஒரு கொமினிகேசன். கனடாவுக்கும் லண்டனுக்கும் பேச வந்த தாய்மார் மர வாங்கில்களில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். உள்ளே பேசுகிறவர் அழுதால் வெளியில் இருப்பவர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

முதல் அழைப்பு அவளுக்கு. மாலை நேரம். பலகைக் கூண்டுக்குள் புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். அவள் பேசியது முழுவதும் எனக்குக் கேட்டது. அவர் பேசியதை அவள் பிறகு சொன்னாள்.

அவர் கேட்டது எல்லோரும் படிக்கிற விடயம்தான். ஐதரசன் அணுவின் இரண்டாவது சக்தி மட்டம் உற்றுப் பார்த்தால் மிக நெருக்கமான இரண்டாகப் பிளந்திருக்கிறது. அது ஏன், எவ்வளவு, புத்தகம் பாராமல் மதிப்பிட்டுச் சொல்லுங்கள் என்றார்.

அவள் நிதானமாகத் தொடங்கினாள். இலத்திரன் புரோத்தனைச் சுற்றுகிறது. இலத்திரனில் ஏறி உட்கார்ந்து பார்த்தால் புரோத்தன்தான் நம்மைச் சுற்றி ஓடுகிறது. ஓடும் மின்னேற்றம் மின்னோட்டம். மின்னோட்டம் இருந்தால் காந்தப்புலமும் இருக்கும். இலத்திரனுக்கு ஸ்பின் என்ற தற்சுழற்சி இருப்பதால் அதுவே ஒரு சிறு காந்தம். அந்தக் காந்தம் புலத்தோடு ஒத்து நின்றால் ஒரு சக்தி, எதிர்த்து நின்றால் இன்னொரு சக்தி. அதனால்தான் ஒரு மட்டம் இரண்டாகிறது. பிறகு எண்களுக்கு வந்தாள். வட்டப் பாதை என்று எடுத்துக்கொண்டால் ஆரை இவ்வளவு, வேகம் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்கு. புலம் அரைத் தெஸ்லாவுக்குச் சற்றுக் குறைவு. எங்கள் ஆய்வுகூடத்து மின்காந்தம் தரக்கூடிய அளவுதான் அது. பிளவு, இலத்திரன்வோல்ற்று என்ற சக்தி அலகை லட்சம் பங்காக்கினால் அதில் நாலரைப் பங்கு. மட்டத்தின் சக்தியோடு ஒப்பிட்டால் லட்சத்தில் ஒன்று, ஒன்றரை.

"மிக நன்று" என்றாராம் அவர். அளந்து கண்ட பெறுமதியும் அதுதானாம்.

அங்கே அவள் நிறுத்தியிருக்க வேண்டும். நான் வாங்கிலில் இருந்து எழும்பியே விட்டேன், கட்டிப்பிடிக்கலாம் என்று. அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: "இல்லை சேர், இது பிழை. நான் ஒரு—"

அத்தோடு சரி. "ஹலோ, ஹலோ" என்றாள். கொக்கியைத் தட்டிப் பார்த்தாள். கடைக்கார அண்ணை வந்து வாங்கிக் காதில் வைத்துவிட்டு, மற்ற இரண்டு தொலைபேசிகளையும் எடுத்துப் பார்த்தார். வீதியில் ஆட்கள் கூட்டமாக ஓடத் தொடங்கியிருந்தார்கள்.

"டவுனிலை குண்டாம் பிள்ளையள்," என்றார். "எல்லா லைனும் அறுந்துபோச்சு. கடையைப் பூட்டப் போறன், கெதியா வீட்டை போங்கோ."

வாங்கிலில் இருந்த ஓர் அம்மா, லண்டனில் மகனோடு பேசாமல் போகமாட்டேன் என்று அடம்பிடித்தார். யார் யார் செத்தார்கள் என்று தெரியாத நேரத்தில் என் மனதில் ஓடியது அவளுடைய விடையைச் சரிபார்க்கும் ஒரு பெருக்கல் கணக்கு. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மீது ஒரு மாதிரி இருக்கும்.

கொட்டாஞ்சேனைக்குப் பாதை மூடியிருந்தது. அவள் என் அறையில் தங்கினாள். உள்ளே வந்ததும் வராததுமாக நான் ஏசத் தொடங்கினேன்.

"சரியான விடையை ஏன்டி பிழை எண்டனீ? விசரே உனக்கு?"

"விடை சரிதான். வந்த வழிதான் பிழை. அவர் நல்லம் எண்டு சொன்ன உடனே எனக்குக் கூசிப்போச்சு."

"பிழையான வழியாலை எப்பிடிச் சரியான விடை வரும்?"

அவள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து மூன்று விரல்களை நீட்டினாள். இலத்திரன் நேராக ஓடவில்லை, வளைந்து ஓடுகிறது. அப்படித் திரும்பிக்கொண்டே இருக்கும் இருக்கையில் உட்கார்ந்து அளப்பவனுடைய திசைகளும் சேர்ந்து சுழல்கின்றன. அதைக் கணக்கில் எடுத்தால் விளைவு சரிபாதியாகிவிடும். அந்தப் பாதியை அவள் போடவில்லை. இது முதல் பிழை. இரண்டாவது, பழைய வட்டப் பாதையில் சுழற்சி அளவு கூடுதலாக வருகிறது. அதனாலும் விடை மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிட்டது. மூன்றாவது, இலத்திரன் ஒரே தூரத்தில் நிற்பதில்லை, கருவுக்குக் கிட்டவும் வந்துபோகிறது. கிட்ட வரும்போது புலம் மிகப் பலம். அதை அவள் விட்டுவிட்டாள். அதனால் விடை எட்டில் மூன்று பங்காகச் சிறுத்தது.

"ரெண்டு பிழை கூட்டிச்சு, ஒண்டு குறைச்சிச்சு. கூட்டினதும் குறைச்சதும் சரிக்குச் சரி. நான் கெட்டிக்காரி எண்டதால வந்த விடை இல்ல இது."

பெருக்கிப் பார்த்தேன். உண்மைதான். ஒரு சதம்கூட மிச்சமில்லாமல் ஒன்றையொன்று தின்றிருந்தன. இதை அவள் அந்த மனிதரிடம் சொல்லியிருந்தால் இடம் அவளுக்குத்தான். அவர் கேட்டதோ "இது பிழை" என்ற ஒரு சொல். அதன் பிறகு அமைதி. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை.

நாங்களாக அழைப்பதற்கு அவருடைய இலக்கம் எங்களிடம் இல்லை. கடிதம் எழுதினால் போய்ச் சேர்வதற்குள் முடிவு எடுத்துவிடுவார்கள். மிச்சமிருந்த ஒரே வழி என்னுடைய அழைப்பு. அது அந்த வாரக் கடைசியில் இருந்தது. அதற்குள் தொலைபேசிகள் வேலைசெய்யத் தொடங்கிவிட்டன.

பேராசிரியர் எடுத்த எடுப்பிலேயே அவளைப் பற்றித்தான் கேட்டார். உங்கள் தோழி பாதுகாப்பாக இருக்கிறாரா? தன் விடை பிழை என்றாரே, ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தெரியும், அவள் எனக்கு விளங்கப்படுத்தினாள், அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன் என்று தொடங்கி, மூன்று பிழைகளையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ரிசீவரை நீட்டியபோது, இது உன்னுடைய நேரம், நீயே சொல் என்று தள்ளிவிட்டு, அவள் கூண்டின் வாசலில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவர் குறுக்கே கேள்விகள் போட்டார். மூன்றாவது மட்டத்தில் பிளவு எவ்வளவு குறையும்? ஏறக்குறைய முப்பது வீதம்தான் மிஞ்சும் என்றேன். சோடியத்தின் மஞ்சள் ஒளியில் மட்டும் பிளவு ஏன் அவ்வளவு பெரிது? அதன் வெளி இலத்திரன் உள்ளே போய்வரும்போது பெரிய மின்னேற்றமுள்ள கருவைக் காண்கிறது, அதனால் புலம் பலமடங்கு என்றேன். அவளுக்காகப் பேசும் ஆவேசத்தில் பயமே இருக்கவில்லை. இல்லாவிட்டால் நாக்குக் குழறும் ஆள் நான்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ இவ்வளவு வடிவாக் கதைப்பாய் எண்டு எனக்குத் தெரியாது," என்றாள். இருவரும் சந்தோசமாகத்தான் நடந்தோம். அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்றே நான் நம்பினேன்.

கடிதம் வந்தது. என் பெயருக்கு.

அவர்மேல் குறைசொல்ல எதுவும் இல்லை. ஒருத்தி பாதியில் நின்றாள், மற்றவள் முழுக்கச் சொன்னாள். கேட்டதைவைத்து முடிவு செய்தார்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போய், இது உன்னுடையது, நான் போகமாட்டேன் என்று அழுதேன். அவள் அழவில்லை. "நீ போகாட்டா எனக்குத் தருவாங்களா? வேற நாட்டு ஆளுக்குப் போகும். லூசு மாதிரிக் கதைக்காத," என்றாள். நான் பேராசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அன்பான பதில் வந்தது. குழுவின் முடிவை மாற்ற முடியாது, உங்கள் தோழி அடுத்த வருடம் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும் என்று.

அடுத்த வருடம் அவளுடைய அண்ணனை வத்தளைப் பக்கம் ஒரு சோதனைச் சாவடியில் பிடித்தார்கள். அப்பா படுத்துவிட்டார். விண்ணப்பங்கள் போகவேண்டிய மாதங்களில் அவள் புதுக்கடை நீதிமன்ற வாசலில் சட்டத்தரணியைத் தேடிக்கொண்டு நின்றாள். அதற்கடுத்த வருடமும் அப்படித்தான். வீட்டுக்குச் சம்பளம் தேவைப்பட்டதால் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனாள். நான் இங்கிலாந்தில் இருந்தேன். அவளுடைய கடிதங்களில் பௌதிகவியல் ஒரு வரிகூட வராது. நானும் எழுதத் துணியவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, சண்டை இன்னும் நடந்துகொண்டிருந்தபோது, விடுமுறைக்கு வந்து அவளைப் பார்க்கப் போனேன். அண்ணன் வெளியே வந்திருந்தார், ஆனால் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. மேசையில் எட்டாம் வகுப்பு விடைத்தாள்கள். தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஊர்க்கதை, சாவுக்கதை எல்லாம் முடிந்து சும்மா இருந்தபோது திடீரென்று கேட்டாள்.

"ரெண்டாம் மட்டத்தில விழும்போது ஐதரசன் விடுற சிவப்பு ஒளிக்கோடு, அதை அங்க பார்த்தியா?"

"பார்த்தனான்."

"ரெண்டாத் தெரியுதா?"

"முதல்லை தெரியேல்லை. ஒரே தடிச்ச கோடு. ஏனெண்டு விளங்காமல் கன நாள் கருவியைக் கழட்டிக் கழட்டிப் பூட்டினன்."

அவள் கண்கள் மேசையைத் தாண்டி எங்கோ போயின. உதடுகள் மட்டும் அசைந்தன. தேநீரில் ஆவி அடங்குவதற்குள் சொல்லிவிட்டாள்.

"கருவியில பிழை இல்ல. அணு சூட்டில ஓடுது, கிட்ட வாறதின்ட நிறம் ஒரு பக்கமும் தூரப் போறதின்ட நிறம் மறுபக்கமும் கொஞ்சம் தள்ளும். செக்கனுக்கு ரெண்டு மூண்டு கிலோமீற்றர் ஓடும். ஒளியின்ட வேகத்தால பிரிச்சா லட்சத்தில ஒண்டு. பிளவும் கிட்டத்தட்ட அவ்வளவுதானே? ஓடுற ஓட்டத்திலயே கோடு ரெண்டும் கலங்கி ஒண்டாப் போகும். குழாயைக் குளிரவச்சியா?"

"வச்சனான். திரவ நைதரசனிலை. அதுக்குப் பிறகுதான் கோட்டுக்கு நடுவிலை பள்ளம் விழுந்து ரெண்டாத் தெரிஞ்சுது."

"பள்ளம்," என்றாள் மெல்ல. "அப்ப வடிவா இருந்திருக்கும்."

நான் அங்கே மாதக்கணக்கில் தடவிக் கண்டுபிடித்ததை, வருடக்கணக்காகப் புத்தகத்தைத் தொடாதவள் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிவிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டுச் சிவப்புப் பேனையைத் திறந்து, அடுத்த பிள்ளையின் விடைத்தாளை எடுத்துத் திருத்தத் தொடங்கினாள்.