மறுபடியும் அக்காவும் ஒரு பச்சை டிக்கும்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் அவர் மறுபடியும் அக்கா. எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "மறுபடியும் பாத்தியா?" என்பார். பார்த்துவிட்டேன் என்றால், "மறுபடியும்?" என்பார். என்னைவிட மூன்றே வயது பெரியவர். நாற்பத்தொரு வயதில், இரண்டு பெண்களைப் பெற்ற என்னை, அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி "தம்பி" என்று கூப்பிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் இருவரும் சப்ளையர்களுக்குப் பணம் அனுப்பும் பிரிவு. மூன்றாவது மாடி, திறக்காத ஜன்னல், எதிரெதிர் மேஜை, நடுவில் இருமும் பிரிண்டர். வரும் பில்லை ஒரு மென்பொருள் படித்து, பெயர், தொகை, வங்கிக் கணக்கு எண் என்று தனித்தனியாக எடுத்து வைக்கும். அந்தக் கணக்கு எண்ணை சப்ளையர் மாஸ்டரோடு, அதாவது ஒவ்வொரு சப்ளையரைப் பற்றியும் நாங்கள் உறுதி செய்து வைத்திருக்கும் பதிவோடு, ஒப்பிடும். பொருந்தினால் பச்சை டிக், பொருந்தாவிட்டால் சிவப்பு. பச்சை வந்தால் பணம் போகும் தேதியைக் குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம் என்பது என் கட்சி. அக்கா பச்சை வந்த பிறகும் பில்லைத் திறந்து, எண்ணைக் கடைசி இலக்கத்திலிருந்து முதல் இலக்கம் வரை முணுமுணுத்துக்கொண்டே படிப்பார். முன்னாலிருந்து படித்தால் பழக்க தோஷத்தில் கண் தாவிவிடுமாம்.

வீட்டிலும் இதே கூத்துதான். ஒருநாள் அவர் கணவரின் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. பாவம் மனுஷன், புது எண் வாங்கி, "இது என் புது நம்பர். சாவியை எங்கே வெச்சிருக்கே?" என்று செய்தி அனுப்பினார். அலுவலகத்தில் இருந்த அக்கா பதிலே போடவில்லை. பழைய எண்ணுக்கு நான்கு முறை அடித்தார், கிடைக்கவில்லை. பிறகு எதிர்வீட்டுக்குப் போன் செய்து, "எங்க வாசல்ல நிக்கிறது எங்க வீட்டுக்காரர்தானான்னு கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்" என்றார். அதற்குள் அவர் ஒரு மணி நேரம் வாசலில் தவம் கிடந்திருந்தார். இதை அக்காவே சிரித்துக்கொண்டு சொல்வார், வெட்கமே இல்லாமல்.

போன மாதம் மகளின் பிரசவத்துக்காக அக்கா பத்து நாள் விடுப்பில் போனார். எனக்கோ ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடியப் போகிற நேரம். வேலை நிரந்தரமாகிவிட்டால் பெரியவளின் கல்லூரிக்குக் கடன் கிடைக்கும்; இல்லாவிட்டால் கிடைக்காது. நாம் தனியாகவே இந்தப் பிரிவை ஓட்டிக் காட்டிவிடுவது என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன்.

அந்த நாட்களில்தான் எங்களுக்கு அட்டைப்பெட்டி போடும் அட்டைப்பெட்டிக்காரரின் பில் வந்தது. சிவப்பு. பில்லில் ஒரு கணக்கு எண், மாஸ்டரில் வேறொன்று. கூடவே வந்த மின்னஞ்சலில், வங்கியை மாற்றிவிட்டோம், இனி புதுக் கணக்குக்கு அனுப்பவும் என்று பணிவாக எழுதியிருந்தது. நான் புது எண்ணை மாஸ்டரில் ஏற்றி, ஆதாரமாக அந்தப் பில்லையே இணைத்து, மேலாளரின் ஒப்புதலுக்கு அனுப்பினேன். ஒரே மூச்சில் நாற்பது ஒப்புதல் கொடுக்கிற மனுஷன் அவர். கொடுத்தார். பச்சை டிக் விழுந்தது. எனக்கு அன்று ஏக திருப்தி.

அக்கா திரும்பி வந்த மூன்றாம் நாள், புதன்கிழமை, அந்தப் பில்லுக்குத் தேதி குறிக்கும் முறை. அட்டைப்பெட்டிக்காரர் காலையிலேயே போன் செய்திருந்தார். வெள்ளிக்கிழமை பதினாறு பேருக்குக் கூலி கொடுக்க வேண்டும், பணம் வந்துவிடுமா என்று கேட்டார். வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

"அதெல்லாம் பச்சைதான்க்கா. தேதியைப் போட்டுடுங்க."

அக்கா பின்னாலிருந்து எண்ணைப் படித்தார். பொருந்தியது. அப்போதும் விடவில்லை. மாஸ்டரில் மாற்றங்களின் வரலாறு என்று ஒரு பக்கம் உண்டு. நான் ஒருநாளும் திறந்ததில்லை. அதைத் திறந்தார். இருபது வருடமாக அசையாத பதிவு, பத்து நாளைக்கு முன்னால் மாற்றப்பட்டிருந்தது. மாற்றியவன் நான்.

"தம்பி, ஆதாரம் எங்கே?"

"பில்லு இருக்கே."

"பில்லு சரியான்னு மாஸ்டரைப் பாக்குறோம். மாஸ்டர் சரியான்னு பில்லைப் பாத்தியா? அப்போ எதை வெச்சு எதைப் பாத்தே நீ?"

அவர் அடுத்துக் கேட்டது: "மாத்தினதுக்கப்புறம் இவருக்குப் பணம் எதுவும் போச்சா?" தேடிப் பார்த்தேன். எதுவும் போகவில்லை. "இப்போ அவருக்குப் போன் போடு."

நான் பில்லிலிருந்த எண்ணை அழுத்தப் போனேன். கையைத் தட்டிவிட்டார். பில்லை எவனாவது மாற்றியிருந்தால், அதிலுள்ள போன் எண்ணை மட்டும் விட்டுவைப்பானா? பழைய ஒப்பந்தக் கோப்பைத் தூக்கி வந்து, அதிலிருந்த எண்ணை விரலால் காட்டினார்.

அட்டைப்பெட்டிக்காரர் எடுத்தார். "ஐயா, உங்க புதுக் கணக்கு, கடைசியில நாலு நாலு ஏழு..." என்று நான் தொடங்கியதும் அக்கா பாய்ந்து போனின் வாயைப் பொத்தினார். "நீ சொல்லாதே! அவரைச் சொல்லச் சொல்லு!"

"கணக்கு நம்பரா? அதே பழசுதாங்க" என்றார் அவர். "கடை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரே பேங்க்தான்." பிறகு எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் மாஸ்டரில் ஏற்றிய எண்ணோடு ஒன்றுகூட ஒட்டவில்லை. அவருடைய மின்னஞ்சலுக்குள் எவனோ புகுந்து, பில்லில் கணக்கையும் போன் எண்ணையும் மாற்றி அனுப்பியிருக்கிறான். பதினாறு பேர் கூலியை எவனுக்கோ அள்ளிக் கொடுக்க இருந்தேன், அதுவும் பெருமையோடு.

அக்கா அவரிடம் மின்னஞ்சல் கடவுச்சொல்லை உடனே மாற்றச் சொன்னார், எங்கள் கணினிப் பிரிவுக்கும் வங்கிக்கும் தகவல் கொடுத்தார். மாஸ்டரைப் பழையபடி திருத்தும் படிவத்தை என் பக்கம் தள்ளினார். அதில் காரணம் என்று ஒரு கட்டம்.

"அக்கா, தட்டச்சுப் பிழைன்னு போட்டுடட்டுமா? இந்த வாரம்தான் என் வேலை நிரந்தரமாகிற லெட்டர் கையெழுத்தாகுது. வீட்ல பொண்ணு காத்துட்டிருக்கா." கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பேனாவை எடுத்து என் கையில் வைத்தார். "இன்னிக்கு நாமளே மாஸ்டர்ல பொய் எழுதினா, நாளைக்கு நான் எதைப் பாத்து யாரை நம்புறது, தம்பி? உண்மையை எழுது. நான் கூட வரேன்."

எழுதினேன்: பில்லையே ஆதாரமாக வைத்து, சப்ளையரிடம் கேட்காமல் மாற்றினேன். என் தவறு. மேலாளர் படித்தார். கீழே ஒப்புதல் கொடுத்தவர் பெயரையும் படித்தார். அவருக்கு ஒரு இருமல் வந்தது. அக்கா அவரிடமும் விடவில்லை: "சார், இனிமே போன்ல கேட்டு உறுதி பண்ணினது யாருன்னு எழுதாம வந்தா ஒப்புதல் கொடுக்காதீங்க." சரி என்று தலையாட்டினார். என் லெட்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வெள்ளி காலை அட்டைப்பெட்டிக்காரருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. அன்று மாலை என் மின்னஞ்சலில் ஒரு கடிதம்: தங்கள் பணி நிரந்தரமாக்கப்படுகிறது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். "அக்கா! வந்துடுச்சு!"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "மறுபடியும் பாத்தியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரவில்லை. உட்கார்ந்தேன். கடிதத்தின் அடியில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, அலுவலகத் தொலைபேசிப் பட்டியலை எடுத்து, பணியாளர் பிரிவின் எண்ணைத் தேடி அழுத்தினேன்.