உர்சுலாவும் ஓரத்து எண்களும்

உர்சுலாவுக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், விரல் வேகமெடுக்கும். 1984-இல், சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடையின் மாடியில் இருந்த கணினி நிறுவனத்தில், அந்த மாதம் முழுக்க விசைப்பலகை படபடவென்று அடிவாங்கியது.

தோ பாயோவிலிருந்து பஸ் பிடித்து வரும் உர்சுலாவுக்கு வயது முப்பத்தெட்டு. கணினிக்கு அட்டையில் துளையிட்டுக் கொடுத்த காலத்திலிருந்தே இந்த வேலைதான். புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் அச்சுத்தாளைப் பார்த்துத் திருத்தத்தை ஒரு சீட்டில் குறித்துக் கொடுப்பார்கள்: எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, மாற்றவா, அழிக்கவா. அவள் திரையின் இடது ஓரத்தில் அந்த எண்ணைத் தேடிப் போய்ச் செய்துவிடுவாள். 'சீட்டில் உள்ளதைச் செய்க. கேள்வி வேண்டாம்' என்று மேலாளர் ஆம்ப்ரோஸ் கையெழுத்திட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார். அந்தத் திருத்தும் திரைக்கான புரோகிராமை எழுதியதும் அவர்தான். அதைப் பற்றிப் பேசும்போது பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் முகம் மலரும்.

அந்த மாதம் இரண்டு முறை தவறான வரி அழிந்துபோனது. ஒருமுறை கிடங்கை விட்டுப் போன சரக்கைக் கழிக்கும் வரியே போய்விட்டது. இல்லாத சரக்கு இருப்பதாகக் கணினி காட்ட, வாடிக்கையாளர் அனுப்பிய லாரி காலியாகத் திரும்பியது. உர்சுலாவுக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள். மூன்றாவது வந்தால் வேலை இல்லை.

"சீட்டுல இருந்த நம்பரைத்தான் சார் அழிச்சேன். சத்தியமா."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் ஆம்ப்ரோஸ். "உனக்குக் கண்ணு போயிடுச்சு லா. செக் பண்ணிக்கோ."

பதினாறு வருஷம் ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்தவளுக்குக் கண் போய்விட்டதாம்!

வியாழக்கிழமை காலை, அந்த மாதம் புதிதாகச் சேர்ந்த ஹலீமாவின் சீட்டு வந்தது; முன்பு வம்பான இரண்டு சீட்டும் அவளுடையவைதான். வரி 146, அழிக்க. உர்சுலா ஓரத்தில் 146-ஐப் பிடித்தாள். விரலை வைத்தவள் அழுத்தவில்லை. சுவரில் இருந்த தாளை ஒரு முறை முறைத்துவிட்டு, வாழ்க்கையில் முதன்முறையாகப் புரோகிராமை மேலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

61-இல் நின்றாள். அந்த வரியின் கடைசிச் சொல் பாதியில் அறுந்திருந்தது. மீதிப் பாதி அடுத்த வரிசையில் கிடந்தது. அதற்கு 62 என்று தனி எண். ஒரே வரிக்கு இரண்டு எண்ணா? அவள் கீழே இறங்கி எண்ணினாள். 146-க்கு மேலே நான்கு வரிகள் அப்படி மடங்கி, நான்கு எண்களைக் கூடுதலாகத் தின்றிருந்தன.

"ஹலீமா, உன் பிரிண்ட் அவுட் கொண்டா."

அகலமான தாளில் அச்சான அதில் ஒரு வரியும் மடங்கவில்லை. தாளின் 146, திரையில் 150 என்ற எண்ணோடு நின்றது. திரையின் 146-இல் இருந்தது வேறொரு வரி, தாளில் 142.

"யா அல்லாஹ்!" என்றாள் ஹலீமா. "நான் நீளமா எழுதுறேன் அக்கா. மத்தவங்க அட்டைக் காலத்துப் பழக்கத்துல எழுபத்திரண்டு எழுத்துக்குள்ள முடிச்சிடுவாங்க. மடங்கவே மடங்காது. அதான் இத்தனை நாள் தெரியல."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். உர்சுலா ஆம்ப்ரோஸைக் கையோடு கூட்டிவந்து அறுந்த சொல்லைக் காட்டினாள். அவர் 61, 62 என்று விரல் வைத்துப் பார்த்தார். திரையில் தெரியும் வரிசைகளுக்கு எண் போட்டிருக்கிறார், கோப்பின் வரிகளுக்கு அல்ல. அவருக்கே புரிந்தது.

"ஹலீமாவைச் சின்னதா எழுதச் சொல்லு," என்று முனகிக்கொண்டு போனார். ஆனால் மாலைக்குள் சரிசெய்துவிட்டார். மடங்கிய பாதிக்கு எதிரே ஓரம் வெறுமையாக இருந்தது. 146 தன் இடத்துக்கு வந்துவிட்டது. 'திரையில் புதிய வசதி' என்று ஓர் அறிவிப்பும் ஒட்டினார். கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

புதிய வசதியாம்! உர்சுலா ஒரு திருத்தச் சீட்டை எடுத்து எழுதினாள். கோப்பு: பணியாளர் உர்சுலா. பக்கம் 9, 10: அழிக்க. அவளுடைய இரண்டு எச்சரிக்கைக் கடிதங்களும் இருந்த பக்கங்கள் அவை. நேராகப் போய் அவர் மேசையில் வைத்தாள்.

"என்ன இது? இது புரோகிராமுக்கான சீட்டு."

"சீட்டுல உள்ளதைச் செய்யணும், கேள்வி வேணாம். நீங்கதான் சார் எழுதி ஒட்டியிருக்கீங்க."

ஆம்ப்ரோஸின் காது சிவந்தது. ஹலீமா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்து, ஒன்பதாம் பக்கத்தில் கை வைத்தார்.

"நில்லுங்க," என்றாள் உர்சுலா. "நம்பரை மட்டும் பாத்துக் கிழிக்காதீங்க. என்ன எழுதியிருக்குன்னு சத்தமா வாசிங்க. அப்புறம் கிழிங்க."

அவர் வாசித்தார்.