மேல் நடவடிக்கை வேண்டாம்

எங்கள் தண்ணீர்க் குழாயை உடைத்த பக்கத்து வீட்டுக்காரர், அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டார். நான் கொடுத்திருந்த புகாரைத் திரும்பப் பெற இருவரும் ஸ்ரீரங்கம் காவல் நிலையத்துக்குப் போனோம்.

"தவறான தகவலால புகார் கொடுத்துட்டேன்னு எழுதுங்க," என்றார் அவர். மறுக்கக் கூச்சப்பட்டு அப்படியே எழுதினேன்.

அதைப் படித்த பெண் ஏட்டு, "ஏங்க, அப்ப குழாய் தானா உடைஞ்சுதா? நீங்க பொய்ப் புகார் கொடுத்ததா ஆயிடும். சரிசெஞ்சு கொடுத்துட்டாரு, சமாதானமாயிட்டோம், மேல் நடவடிக்கை வேண்டாம்னு எழுதுங்க. யாரும் வற்புறுத்தலைன்னும் சேருங்க," என்றார்.

வேறு தாளில் எழுதினேன். 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி' என்ற இடத்தில் பேனா நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் என் தோளருகே நின்று ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். இது வற்புறுத்தலா, வெறும் ஆர்வமா? புரியாமலே கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும், "வண்டியில ஏறுங்க, வீட்ல விட்டுடுறேன்," என்றார். ஏறிக்கொண்டேன். சமாதானமாகிவிட்டேனா, மறுக்கத் தெரியாமல் ஏறினேனா என்று வீடு வரும்வரை எனக்கு விளங்கவில்லை.