நாலு ஓட்டைத் தகரம்

விழுப்புரத்தில் ஜங்ஷனுக்குப் போகிற சாலையில் எங்கள் பட்டறை இருந்தது. அறுபதுகளின் நடுப்பகுதி. ஊரில் ஃப்ரிட்ஜ் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் பாதிப் பேர் அதை சமையலறையில் வைக்காமல் கூடத்தில் வைத்து, மேலே பூப்போட்ட துணி விரித்து, பூச்சாடி வைத்திருப்பார்கள். வந்தவர்கள் பார்க்க வேண்டுமாம். அந்தப் பூச்சாடியை எடுத்து வைத்துவிட்டு வேலை பார்ப்பதுதான் என் பிழைப்பு.

என் முதலாளி அதற்கு முன் ஃபேன் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவர். ஃபேன் சுற்றுவது ஒன்றும் கேவலம் இல்லை. ஆனால் ஃபேன் தெரிந்தால் எல்லாம் தெரியும் என்று நினைத்தார் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் ஒரு தகரம் இருந்தது. பிஸ்கட் டின்னை வெட்டித் தட்டி, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் கம்ப்ரசர் உட்காரும் நாலு ஓட்டைகளை அளவு பார்த்து அதில் துளைத்து வைத்திருந்தார். யார் வந்து கம்ப்ரசர் போய்விட்டது என்று சொன்னாலும் அதை ஆணியிலிருந்து எடுப்பார். பட்டறையில் கிடக்கும் பழைய கம்ப்ரசர்களின் கால்களில் வைத்துப் பார்ப்பார். நாலு ஓட்டையும் சரியாக வந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும்.

"உக்காந்துச்சுன்னா ஓடும்டா. இதுல இன்னா பெரிய படிப்பு?"

ஆயுத பூஜைக்கு அந்தத் தகரத்துக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவார். குழாய்களிலிருந்து காற்றை இழுக்கும் வாக்குவம் பம்புக்கு ஒரு பொட்டுகூட கிடையாது.

தகரம் உட்காரவைத்த கதைகள் பல உண்டு. யாரோ அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஃப்ரிட்ஜில் இருந்து கழற்றிய நூற்றுப் பத்து வோல்ட் கம்ப்ரசரை, கால் சரியாக வந்தது என்பதற்காக நம்மூர் இருநூற்று முப்பதில் மாட்டினார். ரப்பர் புஷ் எல்லாம் கச்சிதம். சுவிட்சைப் போட்டதும் புகை. இன்னொரு முறை, ஃப்ரிட்ஜுக்குப் போடும் பன்னிரண்டாம் நம்பர் கேஸ் கையில் இல்லை என்று, ஏர்கண்டிஷனுக்குப் போடும் இருபத்திரண்டாம் நம்பரைப் பன்னிரண்டு கேட்கிற கம்ப்ரசரில் ஏற்றினார். பிரஷர் எகிறி, மோட்டார் சூடாகி, சூடு மீறினால் கரண்டை வெட்டும் ஓவர்லோட் தட்டித் தட்டி நின்றது. "கரண்டு சரியில்ல" என்று மின்சார இலாகாவைத் திட்டினார். பாவம் அந்த இலாகா, அது செய்யாத தப்புக்கும் சேர்த்துத் திட்டு வாங்கியது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதைகள். திண்டிவனத்து விஷயம் அப்படி இல்லை.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மருந்துக் கடை இருந்தது. கடைக்காரரின் மனைவிக்கு நெடுநாளாகச் சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் ஊசி. அந்த மருந்துக்காகவே கடையில் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினார். என் முதலாளிதான் வாங்கிக் கொடுத்தார். அப்போதே தன் வீட்டுக்கும் அதே கம்பெனி, அதே அளவில் இன்னொன்று வாங்கிக்கொண்டார். ஒன்றாக வந்து இறங்கிய இரண்டையும் பிரித்து வைத்தவன் நான்தான்.

ஒரு மார்கழியில் கடை ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் எரிந்துபோனது. முதலாளி தகரத்தை எடுத்தார். ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்ட வாட்டர் கூலர் ஒன்று பட்டறையில் கிடந்தது. அதன் கம்ப்ரசரில் நாலு ஓட்டையும் உட்கார்ந்தது. அதன் மேல் இருந்த விவரத் தகட்டில் ஒன் பை எயிட் குதிரைத்திறன் என்று இருந்தது. எரிந்ததும் ஒன் பை எயிட்தான். இருநூற்று முப்பது வோல்ட், பன்னிரண்டாம் நம்பர் கேஸ். எல்லாமே ஒத்துப்போயிற்று. அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த பெருமிதத்தை இன்று நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

"மொதலாளி, இது வாட்டர் கூலர்துங்க. ஃப்ரிட்ஜுக்கு ஆவாதுங்க" என்றேன்.

"ஏன் ஆவாது? ஒன் பை எயிட்டுன்னு போட்டுக்கீதே, கண்ணு தெர்ல?"

குதிரைத்திறன் மோட்டாருக்கு. எவ்வளவு குளிர் தரும் என்பது வேறு கணக்கு. வாட்டர் கூலரில் குழாய்கள் தண்ணீரைக் குடிக்கிற பதத்துக்குக் குளிர வைத்தால் போதும். அதனால் கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் கேஸ் அடர்த்தியாக வரும். அடர்த்தியான கேஸைக் கொஞ்சமாக இழுத்தாலே அந்த மோட்டாருக்கு முழு வேலை. ஆகவே அதன் சிலிண்டரைச் சின்னதாகவே செய்திருப்பார்கள். ஃப்ரிட்ஜில் ஐஸ் அறை உறைய வேண்டும்; அந்தக் குளிரில் திரும்பி வரும் கேஸ் நீர்த்துப்போய் வரும். அதைப் போதிய அளவு இழுக்கப் பெரிய சிலிண்டர் வேண்டும். ஒரே குதிரைத்திறன்தான். ஆனால் கூலர் கம்ப்ரசரை ஃப்ரிட்ஜில் வைத்தால் அது ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும், குளிர் மட்டும் பத்தாது. இதைச் சொன்னேன். அவர் பல் குத்திக்கொண்டே கேட்டார். பிறகு பட்டறையில் இருந்த இன்னொருவனைக் கூட்டிக்கொண்டு தானே போய் மாட்டிவிட்டு வந்தார்.

மார்கழிக் குளிரில் அது சமாளித்தது. கடைக்காரர் ஆள் மூலம் நன்றி சொல்லி அனுப்பினார். முதலாளி பட்டறை முழுக்கக் கேட்கும்படி அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பங்குனி போய், சித்திரைக் கடைசியில் அக்னி நட்சத்திரம் வந்தது. வேறு வேலையாகத் திண்டிவனம் போனவன் அந்தக் கடையில் எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். பெருவிரலில் கட்டு.

"ஆறவே மாட்டேங்குது தம்பி. ஊசி போட்டுக்கினுதான் இருக்கேன். சக்கரை எறங்கல. இப்டியே போனா வெரல எடுத்துட்ணும்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றார். அழவில்லை. கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மருந்தின் வீரியம் போயிருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகமாம். மெட்ராஸிலிருந்து புது மருந்து மறுநாள் வருகிறது என்றார் கடைக்காரர். இடையில் ஒரு தடவை ஐஸ் கட்டிக்குள் புதைத்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அது உறைந்துபோய் வீணாகிவிட்டது.

நான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஐஸ் அறையில் உறைபனி இல்லை, வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டரை வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தேன். அதற்குப் பானைத் தண்ணீர் தேவலை. பின்னால் கம்ப்ரசரைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு.

"ஆனா நிக்காம ஓடிக்கினேகீதே தம்பி" என்றார் அந்த அம்மா. "ஒங்க மொதலாளிகூட அதத்தான் சொன்னாரு. நிக்காம ஓடுனா நல்ல மிஷினுன்னு."

நல்ல ஃப்ரிட்ஜ் குளிர்ந்ததும் நிற்கும். நிற்க முடியாமல் ஓடுவதை நல்லது என்று சொல்லி விட்டுப் போன மனிதரின் வாயை என்ன செய்வது? பொருத்தமான புதுக் கம்ப்ரசருக்கு முதலாளி பணம் எடுத்து மெட்ராஸுக்கு ஆள் அனுப்ப வேண்டும்; தகரம் இருக்கும்போது அவர் அனுப்ப மாட்டார். புது மருந்தோ மறுநாள் வருகிறது. அந்த விரல் காத்திருக்காது.

எரிந்துபோன அதே ரகத்தில் இன்னொரு கம்ப்ரசர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எலுமிச்சம்பழ ஜூஸைக் குளிர வைத்துக்கொண்டு முதலாளி வீட்டுக் கூடத்தில் இருந்தது.

முதலாளி கண்டமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போய் அவர் சம்சாரத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அக்கா ஃப்ரிட்ஜின் மேல் இருந்த பூச்சாடியைத் தானே எடுத்துத் தரையில் வைத்தார்.

"கழட்டிக்கினு போ. சில்லுனு ஜூஸு குடிச்சி அந்த ஆளு இன்னா கிழிக்கப் போறாரு?"

கேஸை வெளியே விட்டு, குழாய்களை வெட்டி, வெட்டின வாய்களை உடனே அடைத்தேன். கம்ப்ரசரோடு அதன் ரிலேயையும் ஓவர்லோடையும் எடுத்துக்கொண்டேன். அவை அந்த மோட்டாருக்கென்றே இருப்பவை, வேறொன்றோடு சேராது. மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிப் போன லாரியில் பம்பும் சிலிண்டருமாக ஏறினேன். உள்ளே இருக்கும் ஆயில் குழாய்க்குள் போகக் கூடாது என்று கம்ப்ரசரை நிமிர்த்தியே கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு போனேன். கூட்டேரிப்பட்டில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். நான் இறங்கவில்லை.

கடையில் கூலர் கம்ப்ரசரை எடுத்துவிட்டு இதை உட்காரவைத்தேன். இரண்டு ஃப்ரிட்ஜும் ஒரே ரகம் என்பதால் கேஸை அளந்து விடும் கேப்பிலரி குழாயைப் பற்றிக் கவலை இல்லை. ஈரம் உறிஞ்சும் டிரையர் ஒன்றைப் புதிதாக வைத்து, பற்றவைத்து, சோப்பு நுரை போட்டுக் கசிவு பார்த்து, பம்பை நிதானமாக ஓடவிட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுத்து, பிறகு கேஸ் ஏற்றினேன். ஐஸ் அறை முழுக்க வெள்ளை பூத்தது. சாயங்காலம் 'டக்' என்று நின்றது.

"ஐயோ, நின்னுபோச்சே" என்றார் அந்த அம்மா.

"நிக்கணும்மா. நின்னாத்தான் நல்லது" என்றேன்.

மெட்ராஸ் மருந்து அன்றைக்கு அதற்குள் போனது. ஆவணியில் அவர் கட்டில்லாத காலோடு கோயிலுக்கு நடந்து போனதை நானே பார்த்தேன். விரல் தப்பித்தது.

கூலர் கம்ப்ரசரைக் கொண்டுவந்து முதலாளி வீட்டு ஃப்ரிட்ஜில் மாட்டினேன். அதற்கு மட்டும் தகரத்தை வைத்து அளவு பார்த்தேன். நாலு ஓட்டையும் அருமையாக உட்கார்ந்தது.

கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்தவர் இரண்டு நாள் வெதுவெது ஜூஸ் குடித்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"இன்னாடா பண்ணி வச்சிக்கிற? பேஜாரா கீது, குளிரே இல்ல!"

"நாலு ஓட்டையும் உக்காந்துச்சுங்க மொதலாளி. ஒன் பை எயிட்டுதாங்க. நிக்காம ஓடிக்கினும் இருக்குதுங்க."

உள்ளேயிருந்து அக்கா சிரித்த சத்தம் கேட்டது. அவர் முகம் கறுத்தது. என்னை அன்றே விரட்டுவார் என்று நினைத்தேன். விரட்டவில்லை. மறுநாள் விடிந்ததும் பஸ் பிடித்து மெட்ராஸ் போனார். சாயங்காலம் ஒரு பெட்டியோடு திரும்பினார்.

பிரித்துப் பார்த்தேன். கடையில் எரிந்துபோனதன் அதே மாடல் நம்பர், அச்சு அசல். வோல்ட், கேஸ், கால் எல்லாம் சரி. மெட்ராஸ் கடையில் கொடுத்த சீட்டில் ஃப்ரிட்ஜுக்கான ரகம் என்று எழுதியிருந்தது.

"கூலருக்குப் போட்றத தலையில கட்டப் பாத்தானுங்க" என்றார் முதலாளி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "நான் வுடுவனா? ஐஸ் ரூமு ஒறையணும், லோ பிரஷரு கம்ப்ரசர்தான் வோணும்னு நின்னு வாங்கியாந்தேன்."

அவருக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாளும் அவரை மட்டமாக நினைத்திருந்தேன். எல்லாம் தெரிந்திருக்கிறது. பிறத்தியார் வீட்டுக்குத் தகரம் போதும் என்பதையும் சேர்த்துத் தெரிந்திருக்கிறது.

அதை அவர் வீட்டில் மாட்டி முடித்தேன். குளிர்ந்து நின்றது. மறுநாள் காலை பட்டறையில் யாரோ கம்ப்ரசர் போய்விட்டது என்று வந்து நின்றார்கள். முதலாளி ஆணியிலிருந்து தகரத்தை எடுத்து என் கையில் நீட்டினார்.

நான் வாங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.